பத்து நாளில் வைரல்!

கேள்வி: தனியாகச் சமூக ஊடக வேலை எடுத்துச் செய்கிறேன். தி.நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் காட்டன் புடவைக் கடை வைத்திருப்பவர் என்னை அமர்த்தியிருக்கிறார். "பத்து நாள்ல வைரல் ஆகணும்மா, தீபாவளிக்குக் கூட்டம் அள்ளணும்" என்கிறார். மூன்று மாதம் வேண்டும் என்றேன். "எங்க மச்சான் பையன் ஒரே வீடியோல லட்சம் வியூஸ் வாங்கிட்டானே" என்று மடக்குகிறார். அவர் கோபித்துக்கொள்ளாதபடி ஒரு கடிதம் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?
— வாசகி, மந்தைவெளி

பதில்: மச்சான் பையன் இல்லாத வாடிக்கையாளர் இந்த ஊரில் கிடையாது. அவனோடு மட்டும் மோதாதீர்கள். அவன் குடும்பம், நீங்கள் பில்.

கடிதத்தில் ஆல்காரிதம், ஆர்கானிக், என்கேஜ்மென்ட் என்ற மூன்று சொற்களும் வரக் கூடாது. அவர் முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். கணக்கு நன்றாகவே புரியும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவர் கண்ணால் எதைப் பார்ப்பார், எந்த நிலையில் உங்களை நிறுத்திவிடலாம், இந்த இரண்டும் எழுத்தில் இருந்தால் போதும். "நம்புங்கள் சார்" என்று எழுதினால்தான் சந்தேகம் வரும். கீழே ஒரு மாதிரி கொடுத்திருக்கிறேன். ஊரும் தேதியும் உங்களுக்குப் பொருந்தும். ரூபாய்க் கணக்கை மட்டும் உங்கள் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

*வணக்கம் சார்.*

*பத்து நாளில் கூட்டம் வருமா என்று கேட்டீர்கள். வரும். வாசலில் "பாதி விலை" என்று பலகை வைத்தால் பத்து மணி நேரத்திலேயே வரும். நீங்கள் கேட்பது அந்தக் கூட்டத்தை இல்லை என்று நினைக்கிறேன். அடையாறிலிருந்தோ மயிலாப்பூரிலிருந்தோ கிளம்புகிற ஒருவர், உஸ்மான் சாலையின் ஏழு மாடிக் கடைகளைத் தாண்டி, உங்கள் சந்தைத் தேடிப் பிடித்து, சொன்ன விலை கொடுத்து வாங்கிப் போக வேண்டும். அதற்குத்தான் மூன்று மாதம் கேட்கிறேன். 2026 தீபாவளி நவம்பர் 8-ம் தேதி. ஆகஸ்ட் முதல் வாரம் தொடங்கினால் சரியாக இருக்கும். தீபாவளிச் சரக்குக்கு ஆரணிக்கும் இளம்பிள்ளைக்கும் நீங்கள் அக்டோபர் கடைசியில் போன் போடுவதில்லையே சார்? நானும் தறியில் பாவு ஏற்றுகிற நேரத்தைத்தான் கேட்கிறேன்.*

*ஆகஸ்ட் மாத வேலை உங்கள் கண்ணுக்கு அதிகம் தெரியாது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் சாவி. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கம், முன்பு உங்களிடம் வேலை பார்த்த தம்பியின் போன் நம்பரில் இருக்கிறது. ஃபேஸ்புக் பக்கத்துக்கும் அவர்தான் அட்மின். இரண்டும் உங்கள் பெயருக்கும் நம்பருக்கும் மாற வேண்டும். எனக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் போதும். தம்பி போனை எடுத்தால் இது ஒரு மணி நேர வேலை. எடுக்கவில்லை என்றால், கடைக்கான ஆவணங்களைக் காட்டி மெட்டா நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் எத்தனை நாளில் பதில் சொல்வார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நாளைக்கு நானே விலகினாலும் பக்கம் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.*

*அடுத்தது, இப்போது நாம் எங்கே நிற்கிறோம் என்ற கணக்கு. கடந்த 90 நாளில் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்பதை இன்ஸ்டாகிராமே காட்டும். ஆனால் பார்த்தவர் கடைக்கு வந்தாரா என்பது அதற்குத் தெரியாது. அதற்காகக் கல்லாவில் ஒரு நோட்டு வைக்க வேண்டுகிறேன். பில் போடும்போது "நம்ம கடை எப்படித் தெரியும்மா?" என்று ஒரே கேள்வி. பக்கத்தில் நாலு கட்டம்: தெருவோடு வந்தவர், பழைய வாடிக்கையாளர், யாரோ சொல்லி வந்தவர், போனில் பார்த்து வந்தவர். ஒரு கோடு போட்டால் போதும். இந்த நோட்டு ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும். இல்லையென்றால் அக்டோபரில் வருகிற கூட்டம் என் வேலையால் வந்ததா, தீபாவளியால் வந்ததா என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.*

*செப்டம்பரில் சோதனை. மூன்று வகை வீடியோ எடுப்போம். ஒன்று, புடவை மட்டும்: மடிப்பைப் பிரித்து, முந்தானையைக் காட்டி, விலையைச் சொல்லி முடிப்பது. இரண்டு, நீங்கள் பேசுவது: எண்பதாம் நம்பர் நூலுக்கும் நூறாம் நம்பர் நூலுக்கும் தொட்டால் என்ன வித்தியாசம், எந்தச் சாயம் முதல் தண்ணீரில் இறங்கும், கைத்தறி என்று சொல்லி விசைத்தறியைத் தலையில் கட்டுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது. மூன்று, ஆபீஸ் போகிற பெண் ஒருவர் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி இறங்கினால் மாலையில் அது எப்படி இருக்கிறது என்பது. வகைக்கு நாலு, ஆக மொத்தம் பன்னிரண்டு. வாரத்துக்கு மூன்று போட்டால் ஒரு மாதம் ஆகிவிடும்.*

*ஒவ்வொரு வகைக்கும் ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். நாலு வீடியோவை முறையே 900, 1,100, 800, 42,000 பேர் பார்த்தார்கள் என்று வையுங்கள். கூட்டி வகுத்தால் சராசரி 11,200. ஆனால் பதினோராயிரம் பேர் பார்த்த வீடியோ என்று அதில் ஒன்றுகூட இல்லை. சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் பார்த்தால் ஆயிரம் வருகிறது. ஐந்தாவது வீடியோ எத்தனை பேரிடம் போகும் என்று என்னைக் கேட்டால் அந்த ஆயிரத்தைத்தான் சொல்வேன். உங்கள் மச்சான் பையன் வாங்கிய லட்சம் உண்மையானதுதான், திறமையும் இருக்கலாம். ஆனால் அது அந்த 42,000-ஐச் சேர்ந்தது. கடைக்கு வேண்டியது நடு எண் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறுவது. ஒரு வகைக்கு நாலு வீடியோவாவது இல்லாமல் எது அதிர்ஷ்டம், எது வழக்கம் என்று பிரிக்க முடியாது.*

*எந்த வகை ஜெயித்தது என்பதை லைக் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய மாட்டேன். எத்தனை பேர் அதை இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்று பார்ப்பேன். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள், இந்த மூன்றும்தான் முக்கியம், நம்மைத் தெரியாதவர்களிடம் போய்ச் சேர அனுப்புவதற்கு எடை அதிகம் என்று. புடவை வியாபாரத்தில் இது உங்களுக்குத் தெரிந்ததுதானே சார். அக்காவுக்கும் நாத்தனாருக்கும் காட்டாமல் யார் புடவை எடுக்கிறார்கள்?*

*அக்டோபரில் பணம். அதற்கு முன்னால் விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். செப்டம்பரில் ஜெயித்த வீடியோவை மட்டும் எடுத்து, சென்னையில் இருப்பவர்களுக்கு மட்டும், "வாட்ஸ்அப்பில் கேளுங்கள்" என்ற பொத்தானோடு விடுவோம். மெட்டாவின் விளம்பர ஏற்பாடு யாருக்குக் காட்டினால் விசாரணை வரும் என்று தானே கற்றுக்கொள்ளும். அப்படிக் கற்று முடிக்க ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய 50 விசாரணை வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஒரு விசாரணைக்கு 40 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதுக்கு வாரம் 2,000 ரூபாய். நாளொன்றுக்கு 300 வைத்தால் தாராளம். "தினம் நூறு ரூபாய் போட்டுப் பார்ப்போமே" என்றால் வாரத்துக்குப் பதினேழு விசாரணைதான் வரும். விளம்பரம் கடைசிவரை கற்றுக்குட்டியாகவே இருக்கும். நாலு வாரத்துக்கு 8,400 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் பத்தாயிரத்துக்கு ஒரு நூறு ரூபாய் குறைவு. இது உங்கள் கார்டிலிருந்தே போகட்டும், என் வழியாக வேண்டாம்.*

*இதில் ஒரே ஒரு வேண்டுகோள். விளம்பரம் ஓடும்போது செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு, "மஞ்சளுக்குப் பதிலா பச்சை போடும்மா" என்று சொல்லக் கூடாது. படத்தையோ, யாருக்குக் காட்டுகிறோம் என்பதையோ மாற்றினால் அதன் கற்றல் முதலிலிருந்து தொடங்கும். ஏற்கெனவே செலவழித்த 1,200 ரூபாய் வெறும் வாடகையாகப் போகும்.*

*அக்டோபர் முதல் வாரமே தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. இந்த விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. அக்டோபர் 19 ஆயுத பூஜை முடிந்ததும் உஸ்மான் சாலைப் பெரிய கடைகள் எல்லாம் அதே பெண்களின் போனுக்கு ஏலம் கேட்க வந்துவிடும். விலை ஏறும். அந்த வாரத்தில் நாம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் கட்டுப்படியாகாது. அதற்குள் கற்று முடித்திருக்க வேண்டும்.*

*இத்தனை புடவை விற்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன். சரக்கும் விலையும் உங்கள் கடைப் பையன்கள் பேசுகிற விதமும் என் கையில் இல்லை. ஆனால் ஆகஸ்ட் 31-ல் சாவி, நோட்டு, பன்னிரண்டு வீடியோவுக்கான திட்டம் மூன்றும் உங்கள் மேஜையில் இல்லை என்றால், காரணம் என் பக்கம் இருந்தால், நிறுத்திவிடலாம். செப்டம்பர் 30-ல் மூன்று வகையிலும் நடு எண் பழைய 90 நாள் பதிவுகளின் நடு எண்ணைவிட ஏறவில்லை என்றாலும் நிறுத்திவிடலாம். அக்டோபர் கட்டணம் தர வேண்டாம்.*

*இப்படிக்கு...*

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அச்செடுத்து, மதியம் மூன்று மணிக்கு, கடை ஓய்ந்திருக்கும்போது கொண்டுபோய்க் கொடுங்கள். நோட்டுப் பகுதியை அவர் இரண்டு தரம் படிப்பார். மச்சான் பையன் வரி அவருக்கு வலிக்காது. மச்சானுக்குப் படித்துக் காட்டினால்தான் ஆபத்து.

கேள்வி: நானும் தி.நகர் வியாபாரிதான். மூன்று மாதம் என்பது இந்த ஃப்ரீலான்சர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட தவணைத் திட்டம்தானே?
— பாண்டி பஜார் வாசகர்

பதில்: பாதி சரி. மூன்று என்பது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. முன்னால் அளக்க ஒரு மாதம், பன்னிரண்டு பதிவுக்கு ஒரு மாதம், பணம் போட்டுப் பார்க்க ஒரு மாதம் என்று கூட்டினால் மூன்று வருகிறது, அவ்வளவுதான். உங்களிடம் பழைய கணக்கும் கடவுச்சொல்லும் ஒழுங்காக இருந்தால் இரண்டு மாதத்தில் முடியும். கல்யாணப் பட்டு விற்கிறீர்கள் என்றால் மூன்றே போதாது. நிச்சயதார்த்தத்தில் பார்த்துச் சேமித்து வைத்த வீடியோ, முகூர்த்தம் குறித்த பிறகுதான் கடைக்கு நடந்து வரும்.

ஏமாற்றுகிறவரைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். முப்பதாம் நாளே தெரிந்துவிடும். அவர் கொண்டுவரும் அறிக்கையில் எல்லாப் பதிவுகளின் பார்வையையும் கூட்டி ஒரே பெரிய எண்ணாகப் போட்டிருந்தால், "இதில் நடு எண் என்ன?" என்று கேளுங்கள். "சென்னையில் இருந்து பார்த்தவர் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். இரண்டும் அவர் போனிலேயே அரை நிமிஷத்தில் எடுக்கக்கூடியவை. "அடுத்த வாரம் மெயில் பண்றேன் சார்" என்றால் அந்த மெயில் வராது. இரண்டுக்கும் பதில் சொல்லி, "இது சரியா வரல, அதனால அடுத்த வாரம் இதை நிறுத்துறேன்" என்றும் ஒரு வரி சேர்த்துச் சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மயிலாப்பூர் காளத்தி கடை ரோஸ்மில்க் எந்த உத்தி வகுத்து, எந்த ஃப்ரீலான்சரைப் பிடித்துப் பிரபலமானது?
— தெற்கு மாட வீதி வாசகர்

பதில்: அவர்களும் அவகாசம் எடுத்துக்கொண்டார்கள் ஐயா, ஏறக்குறைய நூறு வருஷம். தேர் நிலைக்குப் பக்கத்தில் இடம், அறுபத்துமூவர் விழாவுக்கு வருஷா வருஷம் வாசலில் வந்து நிற்கும் ஜனக்கூட்டம், கபாலீஸ்வரர் தயவு. இந்த மூன்றும் உள்ளவர் எனக்கு எழுத வேண்டியதே இல்லை. இல்லாதவருக்கு மூன்று மாதம் ரொம்ப மலிவு.

கேள்வி: அடையாறில் பரதநாட்டியப் பள்ளி நடத்துகிறேன். வருகிற ஞாயிறு மாணவிகளின் நிகழ்ச்சி. அரங்கம் நிறைய வேண்டும். எனக்கும் மூன்று மாதமா?
— வாசகி, சாஸ்திரி நகர்

பதில்: உங்களுக்கு மூன்று நாள். தேதி குறித்த ஒரு நிகழ்ச்சிக்கு உத்தி என்று யாராவது விலை சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நடனமாடும் ஒவ்வொரு பெண்ணின் அம்மாவிடமும் அவள் படம் மட்டும் பெரிதாக இருக்கும் ஓர் அழைப்பிதழைக் கொடுங்கள். மற்றதை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்கள் பார்த்துக்கொள்ளும். அதற்கும் மேல் வேண்டுமென்றால், அரங்கத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் மட்டும் இரண்டு நாள் விளம்பரம். விளம்பரம் கற்றுக்கொண்டு முடிக்காதுதான். அரங்கத்துக்கு அத்தனை நாற்காலியும் இல்லையே.

ஆனால் விஜயதசமிக்குப் புதுக் குழந்தைகள் சேர வேண்டும் என்பது வேறு கணக்கு. அது 2026-ல் அக்டோபர் 20. குழந்தையை எங்கே சேர்ப்பது என்று அம்மாக்கள் ஜூலையிலேயே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்குள் உங்கள் பள்ளியின் பெயர் வர வேண்டுமென்றால், மந்தைவெளி வாசகியின் கடிதத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் துணிக்கடை வீடியோவுக்கு ஒரு இளையராஜா பாட்டைப் போட்டாலே பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள். எங்கள் ஃப்ரீலான்சர் கூடாது என்கிறார். ரசனை இல்லையா அவருக்கு?
— வாசகர், ராயப்பேட்டை

பதில்: ரசனை இருக்கிறது, பயமும் இருக்கிறது. நீங்களும் நானும் வீட்டு நாய்க்குட்டி வீடியோவுக்குப் போடுகிற பாட்டுக்கு இன்ஸ்டாகிராம் உரிமை வாங்கி வைத்திருக்கிறது. அந்த உரிமை வியாபாரத்துக்குச் செல்லாது. அதனால்தான் வணிகக் கணக்கில் தேடினால் சினிமாப் பாட்டு சரியாகக் கிடைக்காது. சாதாரணக் கணக்காக மாற்றிப் போட்டுவிடலாம் என்று உங்கள் பையன் யோசனை சொல்லுவான். கணக்கு மாறினாலும் அங்கே விற்பது புடவைதானே? பாட்டின் உரிமையாளர் புகார் செய்தால் வீடியோ ஊமையாகும், அல்லது காணாமல் போகும், அதற்கும் மேல் வக்கீல் நோட்டீஸ் வரும். ராஜாவின் பாட்டுக்காக யார் யாருக்கு நோட்டீஸ் போயிற்று என்பதைப் பேப்பர் படிக்கிற எல்லோரும் அறிவார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு, அதை உங்கள் ஃப்ரீலான்சர் சொல்லாமல் விட்டிருக்கலாம். பத்தாயிரம் பேர் வந்தது புடவைக்கா, பாட்டுக்கா என்று பிரிக்க முடியாமல் போய்விடும். சோதனை மாதத்தில் அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. வியாபாரத்துக்கென்றே மெட்டா ஓர் இலவச இசைத் தொகுப்பு வைத்திருக்கிறது. கேட்கக் கொஞ்சம் லிஃப்ட் இசை மாதிரி இருக்கும். அதைவிடத் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து போடுங்கள். அதற்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள்.

கேள்வி: மூன்று மாதம் எதற்கு? காசு கொடுத்தால் ஒரே ராத்திரியில் பத்தாயிரம் ஃபாலோயர்ஸ் வாங்கலாமே!
— வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: வாங்கலாம். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளை ஒரே வீச்சில் துடைத்தபோது ஜஸ்டின் பீபரே முப்பத்தைந்து லட்சம் பேரை இழந்தார். அவர் தாங்கினார். மேற்கு மாம்பலம் தாங்குமா?

பறிபோவது ஒருபக்கம். போகாமல் இருந்தால் இன்னும் கெடுதல். நீங்கள் ஒரு பதிவு போட்டதும் அது முதலில் உங்களைப் பின்தொடர்கிறவர்களில் சிலருக்குக் காட்டப்படுகிறது. அவர்கள் நின்று பார்த்தால் மேலும் பலருக்குப் போகும். விலைக்கு வாங்கியவர் புடவை கட்டுவதில்லை, சென்னையில் இல்லை, பல நேரம் ஆளே இல்லை. யாரும் பார்க்காததால் பதிவு அங்கேயே படுத்துவிடும். அப்படி ஒரு பக்கத்தை ஒரு ஃப்ரீலான்சரிடம் ஒப்படைத்தால் அவருடைய முதல் மாதம் களையெடுப்பதிலேயே போகும். சில சமயம் புதுப் பக்கம் தொடங்குவதே லாபம். பக்கம் அந்த வகையா என்று அறிய ஒரு சின்னச் சோதனை: பின்தொடர்கிறவர் எட்டாயிரம், லைக் முப்பது, கருத்துப் பெட்டியில் நாலு பேர், நாலு பேரும் "நைஸ்" என்றால், முன்பிருந்த தம்பியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: கடிதமெல்லாம் அருமை. மூன்றாம் மாதம் முடிந்ததும் காசு வருமா?
— அதே தொழிலில் ஒருவர், திருவான்மியூர்

பதில்: மூன்றாம் மாதம் முடிந்ததும் கேட்டால் வராது. ஒவ்வொரு மாதத்துக்கும் முதல் தேதியிலேயே வாங்குங்கள். நிறுத்தும் உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், முன்பணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அத்தோடு உத்யம் பதிவு செய்துவிடுங்கள். ஆன்லைனில், இலவசம், ஆதாரும் பானும் போதும். பதிவு செய்த குறுந்தொழில் செய்பவருக்கு வேலையை ஏற்றுக்கொண்ட 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் வேறு தவணை இருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் வட்டி, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி. வேலை தொடங்கும் முன்பே பதிவு கையில் இருக்க வேண்டும். பாக்கி விழுந்த பிறகு ஓடுவதில் பிரயோஜனம் இல்லை. இந்தச் சட்டத்தைக் கடிதத்தில் எழுத வேண்டாம். பில்லின் கீழே உத்யம் எண்ணை மட்டும் போடுங்கள். கடைக்காரர் பார்க்க மாட்டார், அவருடைய ஆடிட்டர் பார்ப்பார்.

அந்த ஆடிட்டர் பில்லில் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டால் பதறாதீர்கள். அது வரிப் பிடித்தம், உங்கள் பான் எண்ணில் வரவாகும், கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழியும், மிச்சம் இருந்தால் திரும்பும். பிடித்ததைக் கட்டினாரா என்று மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவளேதான். கடிதத்தைப் படித்தார், சம்மதித்துவிட்டார்! நோட்டுகூட வாங்கியாயிற்று. ஆனால் பன்னிரண்டு வீடியோவிலும் தானே வர வேண்டும் என்கிறார்.
— வாசகி, மந்தைவெளி

பதில்: தி.நகரில் இது பரம்பரை வழக்கம். லெஜண்ட் சரவணன் தமன்னா, ஹன்சிகாவோடு விளம்பரத்தில் வந்து, 2022-ல் கதாநாயகனாகவே ஒரு படமும் எடுத்துவிட்டார். உங்கள் முதலாளி உஸ்மான் சாலையில்தானே தினமும் ஸ்கூட்டரில் போகிறார், ஆசை வராதா?

மறுக்காதீர்கள். இரண்டாம் வகை நாலும் அவருக்கே. கையில் ஒரு புடவையைக் கொடுத்து, கேமராவைப் பார்க்காமல், கல்லாவில் எதிரே நிற்கும் வாடிக்கையாளரிடம் சொல்வது போல நூலைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். மனப்பாடம் வேண்டாம், எழுதிக் கொடுத்தால் எல்லோருமே செய்தி வாசிப்பாளர் ஆகிவிடுவார்கள். முதல் மூன்று நொடிக்குள் புடவை திரையில் வந்துவிட வேண்டும், அவர் முகம் நாலாவது நொடியில் வந்தால் போதும். மற்ற எட்டு வீடியோவில் அவர் வரக் கூடாது. வந்தால் ஒப்பிட வேறு வகையே இருக்காது. இதை நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்வார்; "நீங்க வர்ற வீடியோ மத்ததைவிட எத்தனை மடங்கு ஓடுதுன்னு பார்க்கணுமே சார்" என்று சொல்லிப் பாருங்கள். செப்டம்பர் 30-ல் அவர் வகையே ஜெயித்துவிட்டால் அக்டோபர் பத்தாயிரம் முழுக்க அவர் முகத்துக்குத்தான். தோற்றுவிட்டால் அன்றைக்கு மட்டும் மச்சான் பையனை அனுப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.